கல்லுருக்கியும் பார்லித் தண்ணீரும்: எதுவரை போதும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

விலாவில் வலி என்றாலும், சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலும், நம்மிடம் வரும் அறிவுரை ஒன்றுதான்: கல்லுருக்கிச் செடியைக் கஷாயம் வைத்துக் குடி, பார்லித் தண்ணீர் குடி, இரண்டு நாளில் சரியாகிவிடும். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அப்படிச் சரியானவர்கள்தான் அடுத்தவருக்கும் சொல்கிறார்கள். சரியாகாமல் மருத்துவமனைக்குப் போனவர் யாருக்கும் கஷாயத்தைப் பரிந்துரைக்க மாட்டார் என்பதால், அந்தப் பக்கத்துக் கதை நம் காதுக்கு வருவதே இல்லை.

இந்த இரண்டையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. எந்த நிலையில் குடிக்கலாம், எவ்வளவு, எத்தனை நாள், எதைக் கண்டால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் எரிச்சல் எது என்று பிரித்துப் பாருங்கள்

எரிச்சலும் கல்லும் ஒன்றல்ல. சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் கல் பொதுவாக எரிச்சலைத் தருவதில்லை. பலருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது எதிர்பாராமல் தென்படும். ஆகவே எரிகிறது என்றவுடன் ‘கல்தான்’ என்று முடிவு கட்டி, கல்லுக்கான கஷாயத்தைத் தொடங்குவது முதல் தவறு.

ஒரு கண்ணாடி டம்ளரிலோ வாயகன்ற பாட்டிலிலோ சிறுநீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடர்ந்த மஞ்சளாக, அளவில் குறைவாக, ஆனால் தெளிவாக இருந்தால், நீங்கள் அன்றைக்குச் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்திருக்கக் கூடும். இது நீர்ச்சுருக்கு. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மூன்று நான்கு டம்ளர் தண்ணீரோ பார்லித் தண்ணீரோ குடித்தால் நிறம் வெளிறும். நிறம் வெளிறியதும் எரிச்சலும் போய்விடும். பார்லி வென்றதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சிறுநீர் வெளிறிய பிறகும் எரிச்சல் தொடர்ந்தால் அது வேறு கதை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகத் தோன்றுகிறது, போனால் சில சொட்டுகள்தான் வருகின்றன, அடிவயிறு கனக்கிறது, டம்ளரில் பார்த்தால் கலங்கலாக இருக்கிறது என்றால், அது சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். தொற்றைப் பார்லியும் தீர்க்காது, கல்லுருக்கியும் தீர்க்காது. மற்றபடி ஆரோக்கியமான, கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு இலேசான எரிச்சல் என்றால் ஒரு நாள் தண்ணீர் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. மறுநாளும் இருந்தால் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு நாள் அவகாசமும் வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. கல் சிறுநீரகத்திலிருந்து இறங்கி, சிறுநீர்ப்பைக்குள் நுழையும் வாசலில் வந்து நிற்கும்போது, அது சிறுநீர்ப்பையைச் சீண்டுகிறது. அப்போது தொற்றைப் போலவே அடிக்கடி போகத் தோன்றும், முடிவில் எரியும். விலாவில் கிளம்பித் தொடையிடுக்கு வரை இறங்கி, அலை அலையாக வந்து போகும் வலி இதைக் காட்டிக்கொடுக்கும். இவை எதுவும் பொருந்தாமல், வெள்ளைப்படுதல், அரிப்பு, உறுப்பில் புண், சீழ் போன்ற கசிவு ஆகியவற்றோடு எரிச்சல் வந்தால் காரணம் சிறுநீரகத்திலேயே இல்லை. அங்கே பார்லி வெறும் காலதாமதம்.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மாதிரி கொடுக்கப் போகும் முன் லிட்டர் கணக்கில் பார்லித் தண்ணீர் குடிக்காதீர்கள். சிறுநீர் நீர்த்துப்போனால் சீழணுக்களின் எண்ணிக்கையும் குறைவாகத் தெரியக்கூடும். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கிருமி எது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு, ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கும் முன்பே மாதிரி கொடுப்பது நல்லது. சென்ற முறை மிச்சமிருந்த நான்கு மாத்திரைகளை விழுங்கிவிட்டு வந்தால், கிருமி சாகாமலே சோதனையில் மட்டும் மறைந்துவிடும்.

கல் என்றால், அளவு தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள்

ஸ்கேன் அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கல் எத்தனை மில்லிமீட்டர், அது சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறதா, கீழே இறங்கும் குழாயில் சிக்கியிருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா. வீக்கத்தை அறிக்கையில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதுவார்கள். பலரும் மில்லிமீட்டரை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வீக்கம் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. உண்மையில் அவசரத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

குழாயில் இருக்கும் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான கற்களில் ஏறக்குறைய பாதிதான் அப்படி வெளியேறும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கல் தானாக வருவது அரிது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், ‘நான்கு மில்லிமீட்டர் கல்லைக் கஷாயம் கரைத்துவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, கஷாயம் குடிக்காதவருக்கும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும் என்பது விளங்கும்.

செடி என்ன செய்யும், என்ன செய்யாது

கல்லுருக்கி என்ற பெயரில் நம்மிடம் புழங்குவது ஒரே செடி அல்ல. சிறுபீளை என்கிற சிறுகண்பீளை ஒன்று: தண்டும் இலையும் மெல்லிய ரோமத்தோடு இருக்கும், இலைக்கக்கத்தில் வெண்பஞ்சு போன்ற சிறு பூக்கதிர்கள் ஒட்டியிருக்கும். கீழாநெல்லி இன்னொன்று: காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகளவு காய்கள் தொங்கும். மூன்றாவது ரணகள்ளி: தடித்த இலை, அதன் விளிம்பிலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். இந்த மூன்றாவதில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உண்டு. மேய்ந்த மாடுகள் நஞ்சேறிச் செத்ததும் பதிவாகியிருக்கிறது. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் பச்சையாக மென்று தின்பதைத் தவிர்ப்பது நல்லது. எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியாமல் யாரோ பறித்துக் கொடுத்ததைக் காய்ச்சாதீர்கள். மூலப்பொருள் பட்டியல் இல்லாத பொடிப் பொட்டலமும் அதே வகைதான்.

கற்களில் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பால் ஆனது. உருவாகிவிட்ட அந்தக் கல்லைக் கரைக்கும் மருந்து எந்த மருத்துவத்திலும் நிரூபிக்கப்படவில்லை. கீழாநெல்லி பற்றிய ஆய்வுகளில் கிடைத்த நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது: ஆய்வகத்தில் அதன் சாறு படிகங்கள் வளர்வதையும் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் மட்டுப்படுத்துகிறது, மனிதர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. சிறுபீளைக்கு இருப்பது பெரும்பாலும் எலிகளிடம் நடத்திய சோதனைகளும் நீண்ட காலப் பழக்கமும்தான். எனவே புதுக் கல் சேர்வதைச் சற்றுத் தடுக்கலாம், சிறுநீர் பெருக உதவலாம் என்ற அளவில் இந்தச் செடிகளை ஏற்கலாம். கல்லை உருக்கும் என்ற அளவில் ஏற்க முடியாது.

கரையக்கூடிய கல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது யூரிக் அமிலக் கல். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். அதற்கு மருத்துவர் தருவது பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்து. அளவு பார்த்து, இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துத் தருவது.

பார்லிக்கும் இதே நியாயம்தான். பார்லியில் கல்லைத் தாக்கும் தனிப் பொருள் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வேலை செய்வது அதிலிருக்கும் தண்ணீர். ஆனால் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கச் சலிப்பவர்கள் பார்லித் தண்ணீரை விரும்பிக் குடிக்கிறார்கள். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

செய்முறை

பார்லி இரண்டு மேசைக்கரண்டி. இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மணி விரலால் நசுக்கினால் மசியும் வரை, சுமார் அரை மணி நேரம் வேகவையுங்கள். வடிகட்டினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கிடைக்கும். கஞ்சி போலக் கெட்டியாகிவிட்டால் இன்னும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். கெட்டியாக இருந்தால் வயிறு நிரம்பி, குடிக்கும் அளவு குறைந்துவிடும். சர்க்கரை வேண்டாம். உப்பும் வேண்டாம், அதிக உப்பு சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். ஆறிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியலாம். அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதற்கு எதிரானது. அன்றன்றைக்கு வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். நுரைத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும். கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லியும் ஆகாது.

செடிக் கஷாயத்துக்கு, உலர்ந்த சிறுபீளை அல்லது கீழாநெல்லியின் கரகரப்பான பொடி ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம். 240 மில்லி தண்ணீரில் இட்டு, 60 மில்லியாக வற்றியதும் வடிகட்ட வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக வைத்தது. இது சித்த மருத்துவக் குடிநீர் வைக்கும் வழக்கமான விகிதம். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலன் என்ற கணக்கு இங்கே கிடையாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்க, மனநலத்துக்கு லித்தியம் என்று மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், கஷாயம் குடிப்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

இதயச் செயலிழப்புக்காகவோ சிறுநீரகச் செயலிழப்புக்காகவோ ‘இவ்வளவுதான் தண்ணீர்’ என்று அளவு கட்டப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரையில் குடிக்கச் சொல்லும் எந்த வரியும் பொருந்தாது.

ஒருவரின் நான்கு வாரங்கள்

36 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு வலது விலாவில் வலி, வாந்தி. ஊசி போட்டு வலி அடங்கியபின் ஸ்கேன்: வலது சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் 5 மில்லிமீட்டர் கல், சிறுநீரகத்தில் இலேசான வீக்கம். காய்ச்சல் இல்லை, சிறுநீரில் சீழணு இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் சரியாக இருக்கிறது, மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இவருக்குக் காத்திருக்க உரிமை உண்டு. மருத்துவர் வலி மாத்திரை தருகிறார், குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் தரலாம். நான்கு வாரம் கழித்து வரச் சொல்கிறார். கஷாயமும் குடிக்கலாமா என்று நோயாளி கேட்கிறார். மற்ற மாத்திரை எதுவும் இல்லை என்பதால், குடிக்கலாம், ஆனால் ஸ்கேன் தேதியைத் தள்ளக் கூடாது என்று பதில் வருகிறது.

வீட்டில் அவர் செய்ய வேண்டியது, வலியில்லாத நேரங்களில் நாள் முழுவதும் பரவலாகக் குடிப்பது. வலி உச்சத்தில் இருக்கும்போது இரண்டு லிட்டரை ஒரேயடியாகக் குடித்துக் ‘கல்லைத் தள்ளிவிடலாம்’ என்று பலர் முயல்கிறார்கள். அடைத்திருக்கும் குழாய்க்கு மேலே நீர் சேர்ந்தால் அழுத்தம்தான் கூடும். கல் நகராது, வாந்தி வரும். அந்நேரத்தில் வலி மாத்திரையும், தாகத்துக்குச் சில மிடறுகளும் போதும். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் சிறுநீரை மெல்லிய துணியிலோ வடிகட்டியிலோ வடித்துப் பார்ப்பது. கூச்சமாக இருக்கும் என்பதால் பெரும்பாலோர் செய்வதில்லை.

ஒன்பதாம் நாள் வலி நின்றுவிடுகிறது. வடிகட்டியில் ஒன்றும் விழவில்லை.

இந்த இடம்தான் ஆபத்து. வலி நின்றதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். கல் போய்விட்டது என்பது ஒன்று. கல் அங்கேயே இருக்கிறது, சிறுநீரகம் பழகிவிட்டது என்பது மற்றொன்று. கல் திடீரென அடைக்கும்போது உள்ளே அழுத்தம் எகிறி, சுவர் இழுபடுவதால் வலிக்கிறது. அடைப்பு நாள்கணக்கில் நீடித்தால் அந்தச் சிறுநீரகம் சிறுநீர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிகிறது, வலியும் தணிகிறது. மற்றச் சிறுநீரகம் வேலையைச் சுமப்பதால் சிறுநீர் வழக்கம்போலவே வரும். கிரியாட்டினின்கூடச் சரியாகவே காட்டலாம். வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் உள்ளே ஒரு சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். கஷாயத்தின் மேல் முக்கியமாகப் பழி வர வேண்டிய இடம் இதுதான்: ‘குணமாகிவிட்டது’ என்று நம்ப அது ஒரு காரணம் தருகிறது.

நம் ஆள் நான்காம் வாரம் ஸ்கேனுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால் விஷயம் முடிந்தது. கல் இருக்கிறது, வீக்கம் கூடியிருக்கிறது என்றால் இன்னொரு மாதம் கஷாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாய் வழியே மெல்லிய கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து எடுப்பது போன்ற சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும். ‘கல் தெரியவில்லை, ஆனால் வீக்கம் இருக்கிறது’ என்று வந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். சாதாரண ஸ்கேனில் குழாயின் நடுப்பகுதிக் கற்கள் தப்பிவிடுவது உண்டு, சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்

விலா வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அன்றைய இரவையே தாண்டக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் சீழ் வெளியேற வழியில்லை. கிருமி இரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் வைத்து வடிக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை பார்ப்போம் என்பதுதான் இங்கே மிக மோசமான முடிவு.

- சிறுநீர் முற்றிலும் நின்றுபோவது, அல்லது இரு பக்கமும் வலிப்பது.
- ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கோ மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கோ விலா வலி.
- வாந்தியால் தண்ணீரும் மாத்திரையும் தங்காமல் போவது. மாத்திரைக்கு அடங்காத வலி.
- கர்ப்பிணிக்கு விலா வலியோ எரிச்சலோ.
- 60 வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வரும் விலா வலி. வயிற்றின் பெரிய இரத்தக்குழாய் வீங்கி வெடிக்கும் நிலையும் கல் வலி போலவே நடிக்கும்.

வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்து, அடுத்த நாள் தானே நின்றுவிட்டால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ‘சூடு’ என்று பார்லித் தண்ணீர் குடித்ததோடு மறந்துவிடுகிறார்கள். குறிப்பாக நடுத்தர வயதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் அதை மறக்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி இப்படி வந்து இப்படியே மறைவதுண்டு.

கல் விழுந்துவிட்டால்

கழுவித் துடைத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். அது எந்த வகை என்று ஆய்வகத்தில் பார்த்தால்தான் அடுத்து எதைத் தவிர்ப்பது என்று சொல்ல முடியும். எல்லாக் கல்லுக்கும் ஒரே பத்தியம் கிடையாது. பாலையும் தயிரையும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் ஆக்சலேட் சிறுநீருக்கு வந்து சேரும்.

அதன்பின் பார்லியா வெறும் தண்ணீரா என்பது உங்கள் விருப்பம். எவ்வளவு குடித்தேன் என்று டம்ளரை எண்ணுவதைவிட, விடுமுறை நாள் ஒன்றில் காலை முதல் மறுநாள் காலை வரை வரும் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டரை லிட்டர் இருக்க வேண்டும். வியர்வை கொட்டும் வேலை செய்பவர் நான்கு லிட்டர் குடித்தும் அந்த இரண்டரை லிட்டரை எட்டாமல் இருக்கலாம். குறைகிற அளவை, படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் உட்பட, நாள் முழுவதும் பிரித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.